பொங்கப்படி போகாத வருஷம்: மஸ்கட்டிலிருந்து சலாலா வரை

ஜனவரி 11, 2025, சனி. மஸ்கட், ரூவி

நாளை விடியற்காலை நாலு மணிக்கு வண்டி. சலாலாவில் ஒரு மீன் கம்பெனியின் குளிர்கிடங்கில் ஒரு வாரம் சர்வீஸ் வேலை, நானும் ஒரு ஹெல்பரும், வண்டி ஓட்ட பாலக்காட்டுச் சேட்டன் ஒருத்தரும் போகிறோம். செவ்வாய்க்கிழமை பொங்கல் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷன்தான், "ஹேப்பி பொங்கல்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஜனவரியில் லீவு கேட்டால் ஏன் கிடைக்காது என்பதை ஊரில் யாருக்கும் புரியவைக்க என்னால் முடிந்ததில்லை. "அங்க வெயில் காலத்துலதானல ஏசிக்கு வேலை இருக்கும், குளிர் காலத்துல உனக்கு என்ன வேலை?" என்று மாமா ஒவ்வொரு வருஷமும் கேட்பார். விஷயம் அதற்கு நேர் எதிர். மே முதல் செப்டம்பர் வரை மெஷினை நிறுத்தவே முடியாது, நிறுத்தினால் உள்ளே இருக்கிற சரக்கு போய்விடும், அதனால் பழுது வந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டுவோம். அந்த ஒட்டுகளையெல்லாம் பிரித்து ஒழுங்காகச் செய்வது டிசம்பர், ஜனவரியில்தான். அதாவது கோடையில் வேலை இருப்பதால் லீவு இல்லை, குளிர்காலத்தில் கோடையின் வேலை இருப்பதால் லீவு இல்லை. நடுவில் கிடைப்பது அக்டோபர்.

வருஷத்துக்கு 30 நாள் லீவு. 2023-ல் இங்கே புதிய தொழிலாளர் சட்டம் வந்தது, அதிலும் 30 நாள்தான். அந்த முப்பதை வைத்துக்கொண்டு தீபாவளி, பொங்கல், கோயில் கொடை, யார் வீட்டுக் கல்யாணம், யாருக்குக் காதுகுத்து என்று கணக்குப் போடவேண்டும். போன வருஷம் அக்டோபரில் போனேன், தீபாவளியும் மருமகள் காதுகுத்தும் ஒரே லீவில் அடங்கியது. அப்படி அடக்கியதற்கு அம்மா என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று எல்லாரிடமும் சொன்னாள். 2016-ல் வந்தேன், இது ஒன்பதாவது பொங்கல், வீட்டில் இருந்தது இரண்டு.

இன்றைக்கு சுல்தான் ஹைதம் பதவியேற்ற நாள், ரூவி முழுக்கக் கொடி. எங்கள் ரூமில் நாலு கட்டில், அதில் இரண்டு பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள். மூன்றாமவர் ஆந்திராக்காரர், அவருக்கும் செவ்வாய்க்கிழமை சங்கராந்தி, அவருக்கும் லீவு இல்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, அவர் சாக்ஸ் துவைத்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு. வண்டியில்

ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிஸ்வா தாண்டி ஆதம் வரைக்கும் மலை, பேரீச்சை, ஊர் என்று ஏதாவது கண்ணில் படும். ஆதமுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லை என்பதைச் சும்மா சொல்லவில்லை, நம் ஊரில் பொட்டல் என்றால்கூட ஒரு உடைமரம், ஒரு ஆடு, தூரத்தில் ஒரு கோயில் கோபுரம் இருக்கும். இங்கே தட்டையாக, வெளிறிப்போன மண் நிறத்தில், நாலு பக்கமும் ஒரே மாதிரி. ஒட்டகம் ரோட்டுக்கு வரும் என்று போர்டு மட்டும் அடிக்கடி வரும். சேட்டன் அந்த போர்டைப் பார்த்தால்தான் நிமிர்ந்து உட்காருகிறார்.

பாதி வழியில் ஹைமா. பெட்ரோல் போட்டு, மலையாளி ஹோட்டலில் புரோட்டா சாப்பிட்டோம். ஹெல்பர் பங்களாதேஷ் பையன், இருபத்திரண்டு வயசு, போன ரமலான் பெருநாளைத்தான் முதல்முறையாக வீட்டை விட்டுத் தள்ளி இருந்து கழித்திருக்கிறான். என்ன செய்தாய் என்று கேட்டேன். தொழுதுவிட்டு வந்து நாள் முழுக்கத் தூங்கினேன் என்றான். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. முதல் வருஷப் பொங்கலுக்கு நானும் அதைத்தான் செய்தேன், ஆனால் தூக்கம் வராமல் தூங்கினேன்.

வண்டியில் பன்னிரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் மனசு எங்கே போகும் என்று சொல்லவா வேண்டும். எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு, யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை, அதுவாக அமைந்தது. வாசல் தெளித்துக் கோலம் போடுவது அம்மா. பொங்கக்கட்டிக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசுவது ஆச்சி இருந்தவரைக்கும் ஆச்சி, அதற்கப்புறம் சித்தி. (வெளியூர்க்காரர்களுக்கு: பொங்கக்கட்டி என்பது மண்ணில் பிடித்துக் காயவைத்த மூன்று கட்டி, அதுதான் அடுப்பு.) பனை ஓலை வாங்கி வந்து காயப்போட்டு, விடியற்காலையில் அடுப்புக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளுவது அப்பா. ஓலைத்தீ கபகபவென்று எரிந்து அடங்கிவிடும், கை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும், அதனால் பானை பொங்கும்போது அப்பா மட்டும் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார்.

என் வேலை இரண்டு. பொங்கலுக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் பொங்கப்படி கொண்டுபோவது. மறுநாள் மாட்டுக் கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பது.

தும்ரைத் தாண்டி மலை இறங்கும்போது இருட்டிவிட்டது. கீழே சலாலா விளக்குகள். சேட்டன் கண்ணாடியை இறக்கினார், காற்றில் ஈரம் இருந்தது.

ஜனவரி 13, திங்கள். சலாலா. போகி

காலையில் வெளியே வந்து பார்த்தால் தென்னை மரம். ஒன்று இரண்டு இல்லை, வரிசை வரிசையாக, நடுவில் வாழை, வேலியோரம் பப்பாளி. சலாலாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், படமும் பார்த்திருக்கிறேன், ஆனாலும் ஒன்பது வருஷம் பேரீச்சையையே பார்த்த கண்ணுக்கு இது அநியாயம். பொங்கல் வாரத்தில் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்க வேண்டாம். மஸ்கட் ரூமில் இருந்தால் பொங்கல் வேறு உலகத்தில் நடக்கிறது என்று இருந்துவிடலாம். இங்கே எந்த வேலியைத் தாண்டினாலும் கல்லிடைக்குறிச்சி ரோடு வந்துவிடும்போல இருக்கிறது.

நாள் முழுக்க வேலை. கண்டென்சர் கழுவியது, ஆயில் பார்த்தது, அதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டாவது ஃப்ரீசர் ரூமில் டீஃப்ராஸ்ட் முடிந்தபிறகு டெம்பரேச்சர் இறங்க ரொம்ப நேரம் எடுக்கிறது என்று குறித்து வைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கான பலனை நாளைய பதிவில் எழுதுகிறேன்.

சாயங்காலம் சேட்டனோடு மலையாளிக் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் வெல்லம் வேண்டும் என்றேன், அவர் தண்ணீர் பாட்டில் இருக்கிற பக்கம் கை காட்டினார். சேட்டன் சிரித்துவிட்டு "சர்க்கரை சேட்டா" என்றதும் வெல்லம் வந்தது. எங்கள் ஊர் மண்டைவெல்லம் மாதிரி இல்லை, கறுப்பாக உருண்டையாக இருந்தது, பரவாயில்லை. பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய் வாங்கினேன். காய்கறிப் பக்கம் திரும்பினால் ஒரு டப்பாவில் மண்ணோடு சிறுகிழங்கு! மேலே கூர்க்கா என்று எழுதியிருந்தது. நாம் சிறுகிழங்கு என்பதை அவர்கள் கூர்க்கா என்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. விலையைப் பார்க்காமல் ஒரு கிலோ அள்ளினேன், 900 பைசா, நம் காசுக்கு இருநூறு ரூபாய்.

மூன்று பேர் சாப்பிட அரைக்கிலோ போதும் என்று சேட்டன் சொன்னார். இதைத் தோல் எடுப்பது யார் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், கத்தியில் சீவினால் பாதிக் கிழங்கு போய்விடும், கை கறுத்துவிடும். வீட்டில் அதைச் சாக்குப்பைக்குள் போட்டுத் தண்ணீர் தெளித்து, துவைக்கிற கல்லில் அடித்துத் தேய்ப்பார்கள், தோல் தன்னால் உரியும். இங்கே சாக்கு இல்லை. தலையணை உறை ஒன்றைத் தியாகம் செய்து பாத்ரூம் தரையில் தேய்த்தேன். முக்கால்வாசி வந்தது.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் போன். படிப் பணம் ஐயாயிரம் ரூபாய் போன வாரமே அவள் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். இதுவரைக்கும் நான் இல்லாத வருஷங்களில் அப்பா கொண்டுபோவார். இந்த வருஷம் அப்பாவுக்கு முட்டி வலி, இருபது கிலோமீட்டர் டிவிஎஸ் ஃபிப்டியில் கரும்பைக் கட்டிக்கொண்டு போக முடியாது. வேறு ஆள் விட்டு அனுப்பலாம், ஆனால் பிறந்த வீட்டு ஆள் கொண்டுபோனால்தான் அது படி. சரி, பணமாக அனுப்பிவிடுவோம், அவளே விருப்பப்பட்டதை வாங்கிக்கொள்ளட்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"பணம் வந்துட்டுல" என்றாள்.

"பத்துமாக்கா?"

"பணமெல்லாம் பத்தும். வாசல்ல யாரும் வந்து நிக்கலையே."

அவள் அழவில்லை, சும்மா சொன்னதுதான், அடுத்த நிமிஷமே பிள்ளைகளைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். ஆனால் எனக்கு அந்த வாசல் கண்ணுக்கு வந்துவிட்டது. கரும்பு ஏழெட்டு அடி இருக்கும், வண்டியில் நீளவாக்கில் கட்டினால் தோகை பின்னால் ரோட்டில் உரசிக்கொண்டே வரும், அந்தச் சத்தத்தைக் கேட்டே தெருவில் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். முன்னால் காலுக்கிடையில் பச்சரிசி மூட்டை, அதன் மேல் வாழைத்தார், ஹாண்டில்பாரில் ஒரு பக்கம் மஞ்சள் குலை, இன்னொரு பக்கம் பனங்கிழங்குக் கட்டு. பக்கத்து வீட்டுக்காரி "என்ன, தம்பி படி கொண்டு வந்துட்டானா" என்று அக்காவைக் கேட்பாள். கேட்கத் தேவையே இல்லாத கேள்வி. அக்காவுக்கு அந்தக் கேள்விதான் படி. ஐயாயிரம் ரூபாய் கணக்கில் விழுந்த சத்தம் அவளுக்கு மட்டும்தானே கேட்டிருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

நமக்கும் ஓமனுக்கும் ஒன்றரை மணிநேர வித்தியாசம். ஊரில் ஆறரை மணிக்குமேல் சூரியன், அதற்குள் பானை பொங்கவேண்டும், அப்படியென்றால் இங்கே ஐந்து மணி. நாலரைக்கு அலாரம் வைத்துப் படுத்தேன். வீடியோ கால் போட்டுப் பானை முன்னால் போனைச் சாத்தி வைப்பாள் அம்மா, அது எங்கள் ஏற்பாடு.

மூன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. அம்மா இல்லை. கிடங்கு வாட்ச்மேன். இரண்டாவது ரூமில் அலாரம், மைனஸ் பதினெட்டில் இருக்கவேண்டியது மைனஸ் ஒன்பதுக்கு ஏறிவிட்டது.

போனோம். கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது, உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தத்தோடு டக் டக் என்று எதிலோ இடிக்கிற சத்தம். கூலிங் காயில் முழுக்க ஐஸ், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் வெள்ளைச் சுவர் மாதிரி. நடந்தது இதுதான்: டீஃப்ராஸ்ட் நேரத்தில் ஹீட்டர் ஐஸை உருக்கும், உருகிய தண்ணீர் டிரெயின் பைப் வழியாக வெளியே போகவேண்டும், அந்தப் பைப்புக்குள்ளேயே உறைந்துவிடாமல் இருக்க அதற்கென்று தனியாக ஒரு ஹீட்டர் வயர் உண்டு. அந்த வயர் போயிருக்கிறது. பைப் உறைந்து அடைத்து, தண்ணீர் தட்டில் தேங்கி, திரும்ப ஐஸாகி, ஒவ்வொரு டீஃப்ராஸ்ட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது. நேற்று டெம்பரேச்சர் இறங்க நேரமெடுத்ததே, அது இதுதான். நேற்றே தட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் இன்றைக்கு ஐந்து மணிக்கு நான் கட்டிலில் உட்கார்ந்து பானையைப் பார்த்திருப்பேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

பையன் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு குத்தப் போனான், பிடித்து நிறுத்தினேன். அலுமினியத் தகட்டுக்குள் செம்புக்குழாய் ஓடுகிறது, ஒரு குத்து தவறினால் கேஸ் முழுக்கப் போய்விடும். மெஷினை நிறுத்தி, பெட்டிகளை பக்கத்து ரூமுக்கு மாற்றச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரை ஹோஸில் மெதுவாக ஊற்றி உருக்கினோம். இதில் அவசரம் என்பதே கிடையாது, அது உருகுகிற நேரத்தில்தான் உருகும். நான் ஏணி மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடங்கின் சுவர் இரண்டு பக்கமும் தகடு, நடுவில் நாலங்குலத்துக்கு ஃபோம், உள்ளே போனுக்கு ஒரு கோடு சிக்னல்கூட வராது.

நிற்கும்போது மணி தெரியாது. ஆனால் தெரியும். இப்போது அப்பா ஓலையைத் தள்ளிக்கொண்டிருப்பார், இப்போது பால் நுரைத்து விளிம்புக்கு வந்திருக்கும், அம்மா "போனை எடுக்க மாட்டேங்கானே" என்று யாரிடமாவது சொல்லியிருப்பாள். மேலே ஜாக்கெட், கீழே ஈரமான பேண்ட், முகத்தில் தண்ணீர் தெறித்துக்கொண்டே இருந்தது. ஏணியைப் பிடித்திருந்த பையன் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான், அவனுக்கு என்ன தெரிந்ததோ, திடீரென்று அவன் மொழியில் ஏதோ பாட்டைச் சத்தமாகப் பாட ஆரம்பித்தான். நல்ல குரல் என்று சொல்ல முடியாது.

ஐந்து ஐம்பதுக்கு வெளியே வந்தேன். ஏழு மிஸ்டு கால். அப்புறம் ஒரு வீடியோ, பத்தொன்பது விநாடி. சித்தி பெண் எடுத்தது, கை ஆடிக்கொண்டே இருக்கிறது. பானை விளிம்பில் நுரை, கீழே வழிந்து கட்டியில் பட்டு உஸ்ஸென்று புகை, பெண்கள் குலவை போடுகிற சத்தம், அப்பாவின் முதுகு. வழக்கம்போல அவர் நிமிரவில்லை. கடைசி இரண்டு விநாடியில் அம்மா திரும்பிக் கேமராவைப் பார்த்து "வந்துட்டானா?" என்கிறாள். அத்தோடு முடிந்துவிடுகிறது.

இருட்டு இன்னும் விலகவில்லை. சலாலாவில் இந்த மாதத்தில் ஏழு மணி ஆனால்தான் சூரியன். கிடங்கு வாசலில் ஒரு காலிப் பெட்டி மேல் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"வேலை வந்துட்டும்மா."

"அதுக்கென்னய்யா. பால் கெழக்கப் பாத்துப் பொங்கிச்சு. சாப்ட்டியா?"

ஆறு மணிக்கு யார் சாப்பிடுவார்கள். சாப்பிட்டேன் என்றேன்.

ராத்திரி எட்டு மணிக்குத் தங்கியிருக்கிற ரூமில் பொங்கல் வைத்தோம். இன்டக்‌ஷன் அடுப்பு, எவர்சில்வர் பாத்திரம். இன்டக்‌ஷனில் பொங்கல் வைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பால் பொங்கி அந்த டச் பட்டன் மேல் வழிந்தால் அடுப்பு கீக்கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடும். பொங்கினால்தான் பொங்கல், ஆனால் பொங்கினால் அடுப்பு அணைந்துவிடும், இதை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. துடைத்து மறுபடி போட்டோம், மறுபடி கத்தியது. பக்கத்து ரூமில் நைட் டியூட்டிக்காரர் தூங்குகிறார் என்பதால் "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லவில்லை, அடுப்புதான் எங்களுக்காகக் கத்தியது என்று சேட்டன் சொன்னார். சிறுகிழங்கு கொஞ்சம் குழைந்துவிட்டது. பையன் சர்க்கரைப் பொங்கலை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான், அவன் ஊரில் பெருநாளுக்குச் செய்கிற ஏதோ இனிப்பு மாதிரி இருக்கிறதாம்.

அவர்கள் இருவரும் படுத்தபிறகு அந்தப் பத்தொன்பது விநாடியை எத்தனை தரம் பார்த்தேன் என்று எண்ணவில்லை.

ஜனவரி 15, புதன். மாட்டுப் பொங்கல்

குடும்ப குரூப்பில் போட்டோக்கள் கொட்டுகின்றன. நான் ஒவ்வொரு வருஷமும் மதியத்துக்கு மேல் சத்தத்தை அணைத்துவிட்டு, ராத்திரி மொத்தமாகப் பார்ப்பேன். பார்ப்பது என்ன, தேடுவேன். கொம்புக்குப் பெயிண்ட் அடிப்பது யார் என்று தேடுவேன். முன்னெல்லாம் சித்தப்பா. பிறகு பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன். ஒரு வருஷம் யாருமே அடிக்கவில்லை, வெறும் மஞ்சளும் குங்குமமும் வைத்து விட்டுவிட்டார்கள். அந்த வருஷம்தான் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் இல்லாமல் பண்டிகை நின்றுபோக வேண்டும் என்று நினைக்கிற அளவுக்குக் கெட்டவன் இல்லை. ஆனால் என் இடம் காலியாக இருப்பதைப் பார்ப்பது ஒரு மாதிரி, அதில் வேறு ஒருத்தர் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு மாதிரி. இரண்டாவது கொஞ்சம் அதிகமாக வலிக்கிறது.

இன்றைக்கு ராத்திரி வரை காத்திருக்க முடியவில்லை. பத்து மணிக்கே ஒரு குரல் பதிவு வந்தது, அக்கா மகன், பதினொரு வயசு, பொங்கல் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். "மாமா, மாடு தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு மாமா. நீங்க எப்படி அடிப்பீங்க?"

வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து மூன்று பதிவு அனுப்பினேன். முதலில் கயிற்றை முளையில் குட்டையாகக் கட்டச் சொல். தாத்தாவை முன்னால் நின்று பச்சைப்புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல், மொத்தமாகப் போட்டால் தலையைத் தாழ்த்திவிடும். கொம்பைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள், ஈரத்தில் பெயிண்ட் பிடிக்காது. பக்கவாட்டில் நில், நேருக்கு நேர் நிற்காதே. அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாக இழு, திரும்பத் திரும்பத் தேய்க்காதே. பிரஷ்ஷில் நிறைய எடுத்தால் வழிந்து கண்ணில் விழும், டப்பா விளிம்பில் வழித்துக்கொள். இரண்டு கலர் என்றால் நுனியைக் கடைசியில் அடி, மாடு அதற்குள் பழகியிருக்கும்.

ஒரு மணிநேரம் கழித்துப் படம் வந்தது. இடது கொம்பு நீலமும் சிவப்புமாகப் பிரமாதம். வலது கொம்பு பாதி நீலத்தோடு நின்றுவிட்டது, மாட்டின் காதிலும் நீலம், இவன் சட்டையிலும் நீலம். வலது பக்கம் போனதும் புல் தீர்ந்துவிட்டதாம்.

"அடுத்த வருஷம் ரெண்டு கட்டு புல்லு வாங்கணும் மாமா" என்றான். அடுத்த வருஷமும் அவன்தான் அடிக்கப்போகிறான் என்று அவனே முடிவு செய்துவிட்டான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இழுப்பு நேராகத்தான் வந்திருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

வேலை. ஹீட்டர் வயர் மாற்றியாயிற்று. எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 17, வெள்ளி. கோர் ரோரி

வாராந்தர லீவு. வளைகுடாவில் நம் பண்டிகைகள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும், தமிழ் அமைப்புகள் ஹால் பிடித்துப் பொங்கல் கொண்டாடுவது பொங்கலுக்கு அடுத்த வெள்ளியில், கோலப் போட்டியெல்லாம் உண்டு. மஸ்கட்டில் இருந்திருந்தால் போயிருப்பேன். ஹாலில் ஏசிக்குக் கீழே கரும்பைச் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும், இருந்தாலும் சாம்பாருக்காகப் போவேன்.

இன்றைக்கு சேட்டன் காலையில் என்னை ஒரு சமாதிக்குக் கூட்டிப்போனார். சேரமான் பெருமாளுடையது என்கிறார்கள். சேர ராஜா மக்கா போய் இஸ்லாம் தழுவி, ஊருக்குத் திரும்புகிற வழியில் இங்கே இறந்துபோனார் என்பது கதை, சரித்திரம் எவ்வளவு என்பது வேறு விஷயம். சேட்டனுக்கு அதில் சந்தேகமே இல்லை. "பாருங்க, ராஜாவுக்கே லீவு கிடைச்சு ஊருக்குப் போக முடியலை" என்றார்.

மதியத்துக்கு மேல் கோர் ரோரி. சலாலாவிலிருந்து கிழக்கே நாற்பது கிலோமீட்டர், தாக்கா தாண்டி. கடல் உள்ளே புகுந்த ஒரு கழி, கரையில் ஒட்டகங்கள் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மேய்கின்றன, மேட்டின்மேல் சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரத்தின் கல் சுவர்கள். சாம்பிராணி ஏற்றுமதியான இடம். சாதாரணமாக எனக்குப் பழைய கல்லெல்லாம் ஆர்வமில்லை. ஆனால் இங்கே 2006-ல் இத்தாலியத் தொல்லியல் குழு தோண்டும்போது ஒரு பானை ஓடு கிடைத்தது, அதில் தமிழ்-பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறியிருந்தது. ‘ணந்தை கீரன்’ என்று படித்திருக்கிறார்கள், கி.பி. முதலாம் நூற்றாண்டு என்கிறார்கள்.

கீரன் இங்கே எத்தனை நாள் இருந்தார் என்று யாருக்குத் தெரியும். வடகிழக்குக் காற்றில் கப்பல் இங்கே வரும், தென்மேற்குக் காற்று பிடித்தால்தான் திரும்பிப் போகலாம், நடுவில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். இதே ஜனவரிக் காற்றில்தான் வந்து இறங்கியிருப்பார். வந்து இறங்கியவர் சட்டி பானையில் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். எதற்காக என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். எங்கள் மஸ்கட் ரூமில் நாலு பேரும் அவரவர் தட்டில் மார்க்கரில் பெயர் எழுதியிருக்கிறோம், எழுதாவிட்டால் காணாமல் போய்விடும். சேட்டனிடம் சொன்னேன், அவர் ரொம்ப நேரம் சிரித்தார். காற்று பலமாக இருந்ததால் சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

திரும்புகிற வழியில் தஹாரீஸ் பக்கம் ரோட்டோரக் கடைகளில் இளநீர், செவ்வாழை மாதிரி ஒன்று, கூடவே கரும்பு. நம் ஊர் பொங்கல் கரும்பு மாதிரிக் கறுப்பு இல்லை, பச்சை வெளிர் நிறம், ஜூஸ் பிழிகிற ஜாதி. கணு கிட்டக்கிட்ட இருந்தது, பல் வைத்தால் கல் மாதிரி. ஒரு முழுக் கரும்பு வாங்கினேன். எதற்கு என்று சேட்டன் கேட்கவில்லை.

ஜனவரி 18, சனி. ஹைமா

திரும்புகிறோம். அதே ஹோட்டல், அதே புரோட்டா. கரும்பு வண்டியின் பின்னால் கிடக்கிறது, பையன் பாதியைக் கடித்து முடித்துவிட்டான், அவன் பல் இரும்பு.

அக்கா போன் செய்தாள். கடைசி நாள் ஊர்க்கதையெல்லாம் சொன்னாள், சிறுவீட்டுப் பொங்கலுக்கு அவள் மகள் சாணத்தில் வீடு கட்டி நாய் மிதித்துவிட்டதாம், மறுபடியும் கட்டுகிறாள். பிறகு, கேட்காமலே, அந்த ஐயாயிரத்தை எடுக்கவில்லை, அப்படியே கிடக்கிறது என்றாள்.

"ஏன்க்கா?"

"நீ அக்டோபர்ல வருவேல்லா. அப்ப அதுல கரும்பு வாங்கிட்டு வா. பனங்கெழங்கும் வேணும். நானே எடுத்துச் செலவழிச்சா அது எப்படில படி ஆகும்?"

அக்டோபரில் செங்கரும்பு எங்கே கிடைக்கும்? அப்போது வயலில் வளர்ந்துகொண்டு நிற்கும், வெட்ட மாட்டார்கள். பனங்கிழங்குக்கு அப்போதுதான் கொட்டையையே மண்ணில் புதைத்திருப்பார்கள். இதையெல்லாம் சொன்னால் "நீ விசாரிச்சுப் பாரு" என்கிறாள். தேனிப் பக்கம் முன்பட்டக் கரும்பு ஏதாவது இருக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டக்கூடிய நீளம் போதும்.